நான் கழித்த இருபத்தைந்து கிராம்

என் மருமகள் எழுதிய அசைன்மென்ட்டில் அவளுக்குத் தெரியாமல் மூன்று இடங்களில் கை வைத்தேன். இரண்டு எண்கள், ஒரு வாக்கியம். யாரும் என்னைக் கேட்கவில்லை. அவள் எழுதியது சரி, நான் திருத்தியது தவறு. அதற்குப் பிறகு நான் சொன்ன ஒரு பொய், திருத்தியதைவிட மோசமானது. இதை எல்லாம் வீட்டில் சொல்லி முடித்துவிட்டேன் என்றாலும் ஒரு முறை எழுதியும் வைத்துவிட வேண்டும் என்று தோன்றுகிறது.

அருப்புக்கோட்டையில் எங்களுக்குச் சாயப்பொருள் கடை. நூலுக்குச் சாயம் போடுகிறவர்களுக்கு வேண்டிய சாயம், காஸ்டிக் சோடா, ஹைட்ரோஸ், அசிட்டிக் ஆசிட் எல்லாம் விற்போம். இப்போது மகன் பார்த்துக்கொள்கிறான். நான் காலையில் இரண்டு மணி நேரம் போய் உட்கார்ந்துவிட்டு வருவேன். மதுரையில் பி.எஸ்ஸி. வேதியியல் படித்தவன் நான். எங்கள் தெருவில் கடைக்காரர்களில் பட்டம் வாங்கியவன் நான் ஒருவன்தான் என்ற நினைப்பு எனக்கு எப்போதும் உண்டு. அந்த நினைப்பைத்தான் முதலில் சொல்ல வேண்டும். எல்லாம் அதிலிருந்துதான் வந்தது.

மருமகளுக்குத் திருச்சுழிப் பக்கம். எம்.எஸ்ஸி. வேதியியல் முதல் வருடம் முடித்த நிலையில் பிள்ளை உண்டாகி நின்றுவிட்டாள். பேத்தி நடக்க ஆரம்பித்ததும் மறுபடி சேர வேண்டும் என்றாள். மகனுக்கு அதில் பெரிய விருப்பமில்லை. கடையில் பில் போடவும் கணினியில் சரக்கு ஏற்றவும் ஆள் வேண்டியிருந்தது. "இந்த ஒரு வருசம். எந்தப் பேப்பராவது நின்னுச்சுன்னா அதோட சரி, கடைக்கு வந்துரணும்" என்றான். அவளுக்காகச் சரி என்று சொன்னவன் நான். "அவ முடிச்சிருவாடா, நான் பாத்துக்கிறேன்" என்று வாக்குக் கொடுத்தவனும் நான்.

பசுமை வேதியியல் என்ற தாளில் ஒரு உள்தேர்வு அன்று பேத்திக்குக் காய்ச்சல். அவளால் போக முடியவில்லை. அந்தத் தாளை எடுத்த மேடம் கண்டிப்பானவர் என்று பெயர் எடுத்தவர். ஆனாலும் ஒரு வழி விட்டார். ஒரே பொருளை இரண்டு வழிகளில் ஆய்வுக்கூடத்தில் செய்து பார்த்து, எது பசுமையான வழி என்று ஒப்பிட்டு அசைன்மென்ட் எழுத வேண்டும். பிறகு அதைத் துறையில் நின்று விளக்க வேண்டும். அது நன்றாக இருந்தால் விட்டுப்போன தேர்வுக்குப் பதிலாக எடுத்துக்கொள்வார். இல்லை என்றால் உள்மதிப்பெண் போதாது. அந்தத் தாளை அடுத்த வருடம் திரும்ப எழுத வேண்டும். எங்கள் வீட்டில் அடுத்த வருடம் என்பதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

அவள் எடுத்துக்கொண்டது அசிட்டனிலைடு. வெள்ளைப் படிகம், கல்லூரிப் பிள்ளைகள் எல்லோரும் ஒரு முறையாவது செய்து பார்ப்பது. அனிலினோடு அசிட்டிக் அன்ஹைட்ரைடு சேர்ப்பது முதல் வழி. அன்ஹைட்ரைடுக்குப் பதிலாக சாதாரண அசிட்டிக் ஆசிட்டே ஊற்றி, அனிலின் கறுத்துப் போகாமல் இருக்கக் கொஞ்சம் துத்தநாகத் தூளும் போட்டுக் காய்ச்சுவது இரண்டாவது வழி. இரண்டையும் அவளே செய்தாள். எழுதுவதற்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமை முழுக்க எடுத்தாள். பேத்தியை நான் வைத்துக்கொண்டேன்.

கையால் எழுதியதை டைப் அடித்து, சுருள் கம்பி போட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்பது கல்லூரி விதி. "மாமா, பஸ் ஸ்டாண்டுகிட்ட இருக்குற அந்த டைப்பிங் கடையில குடுத்து வாங்கிட்டு வந்துருறீகளா? நாளைக்கி எனக்கு சாயந்தரம் வரைக்கும் லேப் இருக்கு" என்றாள். பதினொரு தாள்கள். வாங்கிக்கொண்டு போனேன்.

கடையில் ஒரு பெண் மட்டும் வேலை செய்கிறாள். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். திரையைப் பார்த்தபடியே பேசுவாள்.

"உக்காருங்கய்யா. இந்தப் பத்திரத்த முடிச்சுட்டு வாரேன். வேதியியலா? போன வாரம் ஒரு அண்ணன் குடுத்தாரு, முழுக்க அறுகோணம் அறுகோணமா. வரைஞ்சு வரைஞ்சு என் கண்ணு தேனீக்கூடு மாதிரி ஆயிருச்சு."

"இதுல ரெண்டே ரெண்டுதான்" என்றேன்.

"அப்பச் சரி. ரெண்டுக்கு மேல போனா தனி ரேட்டு."

காத்திருக்கும் நேரத்தில் படிக்கலாமே என்று தாள்களைப் பிரித்தேன். எங்கள் காலத்தில் இந்தப் பாடம் கிடையாது. ஆனால் அவள் எழுதியிருந்த விதத்தில் எனக்குப் புரிந்தது. ஆட்டம் எகானமி என்பது சமன்பாட்டை மட்டும் வைத்துப் போடுகிற கணக்கு. உள்ளே போகிற அணுக்களின் எடையில் எவ்வளவு பங்கு நமக்கு வேண்டிய பொருளாக மாறுகிறது என்று பார்ப்பது. முதல் வழியில் மூலக்கூறு எடைப்படி அனிலின் 93, அன்ஹைட்ரைடு 102, மொத்தம் 195. அதில் அசிட்டனிலைடு ஆவது 135. மீதி அசிட்டிக் ஆசிட்டாக வெளியே போய்விடுகிறது. நூற்றுக்கு 69. இரண்டாவது வழியில் அனிலின் 93, ஆசிட் 60, மொத்தம் 153. வெளியே போவது தண்ணீர் மட்டும். நூற்றுக்கு 88. இரண்டாவது வழி ஜெயித்துவிட்டது.

அடுத்தது ஈ-ஃபேக்டர். இது தாளில் போடுகிற கணக்கில்லை, மேசையில் நடந்ததை வைத்துப் போடுவது. ஒரு கிராம் பொருள் கிடைக்க எத்தனை கிராம் கழிவு வந்தது என்று கேட்பது. உள்ளே போட்ட எடை எல்லாவற்றையும் கூட்டி, கிடைத்த பொருளைக் கழித்து, மிச்சத்தைக் கிடைத்த பொருளால் வகுக்க வேண்டும். கழிவு குறைந்தால் நல்லது, அதனால் எண் சின்னதாக இருக்க வேண்டும். தண்ணீரை வழக்கமாக இதில் சேர்ப்பதில்லை. அவள் தண்ணீருக்குத் தனியாக ஒரு கட்டம் போட்டு, 'எங்கள் ஊரில் லாரித் தண்ணீர் வருகிற ஆய்வுக்கூடத்தில் இதைக் கணக்கில் சேர்க்காமல் விட மனம் வரவில்லை' என்று எழுதியிருந்தாள். படித்ததும் சிரிப்பு வந்தது. தண்ணீர்ப் பஞ்சத்தில் வளர்ந்த திருச்சுழிப் பெண் வேறு எப்படி எழுதுவாள்.

முதல் வழிக்கு 10.2 கிராம் அனிலின், 13 கிராம் அன்ஹைட்ரைடு, கிடைத்தது 12 கிராம். ஈ-ஃபேக்டர் 0.93. சரி. இரண்டாவதற்கு 10.2 கிராம் அனிலின், 31.5 கிராம் ஆசிட், அரை கிராம் துத்தநாகம், மொத்தம் 42.2. கிடைத்தது 10 கிராம். ஈ-ஃபேக்டர் 3.22.

அங்கே நின்றேன். அதற்குக் கீழே அவள் முடிவு எழுதியிருந்தாள்: 'ஆட்டம் எகானமியில் இரண்டாவது வழி மேல் என்றாலும், செய்து பார்த்த அளவில் கழிவு அதிகம் தருவது அதுதான்.'

இது எப்படி இருக்க முடியும் என்று எனக்குத் தோன்றியது. அவள் தாள்களோடு சேர்த்து வைத்திருந்த செய்முறைக் குறிப்பின் தலைப்பிலேயே இரண்டாவது வழியைப் பசுமை முறை என்று போட்டிருந்தார்கள். அந்தக் குறிப்பைக் கொடுத்தவரே மேடம். அவர் பசுமை என்று சொன்னதை இவள் அழுக்கு என்கிறாள். ஏற்கெனவே தேர்வு விட்ட பெண். மேடம் என்ன நினைப்பார்?

எண்களைத் திரும்பப் பார்த்தேன். 31.5 கிராம் ஆசிட் கண்ணில் பட்டது. 10.2 கிராம் அனிலினோடு சேர எவ்வளவு ஆசிட் வேண்டும் என்று தாளின் ஓரத்தில் போட்டுப் பார்த்தேன். 6.6 கிராம் போதும். மிச்சம் ஏறக்குறைய இருபத்தைந்து கிராம் வினையில் சேரவே இல்லை. சும்மா ஊடகமாக நிற்கிறது. அதைப் போய்க் கூட்டிவிட்டாளே!

நாற்பது வருடம் டிரம் சரக்கு வாங்கி விற்றவன் நான். லோடு வந்தால் டிரம்மோடு எடை போடுவோம், பிறகு காலி டிரம் எடையைக் கழிப்போம். டிரம் சரக்கில்லை, திரும்பப் போகிற சாமான். அதைக் கழிக்காமல் கணக்குப் போடுகிற பையனைக் கடையில் எத்தனை தடவை திட்டியிருக்கிறேன். இந்த இருபத்தைந்து கிராம் ஆசிட் எனக்கு அந்தக் காலி டிரம் மாதிரித் தெரிந்தது. வினை அதற்குள் நடக்கிறது, முடிந்ததும் அது அப்படியே இருக்கும். கழித்தேன். 42.2 என்பது 17.3 ஆனது. அதில் பத்துப் போக 7.3. ஈ-ஃபேக்டர் 0.73. முதல் வழியின் 0.93ஐவிடக் குறைவு. இரண்டாவது வழி இரண்டு அளவிலும் ஜெயித்துவிட்டது. எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது என்று மகிழ்ந்துபோனேன்.

சட்டைப் பையில் எப்போதும் சிவப்புப் பேனா உண்டு. 42.2ஐ அடித்து 17.3, 3.22ஐ அடித்து 0.73. முடிவில், 'இரண்டாவது வழியே இரண்டு அளவீடுகளிலும் பசுமையானது.'

அவளுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். ஆய்வுக்கூடத்தில் எடுக்க மாட்டாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அவளுக்காகப் பயந்தது கால் பங்கு. முக்கால் பங்கு, எம்.எஸ்ஸி. படிக்கிறவளின் கணக்கில் பி.எஸ்ஸி. படித்தவன் தப்பு கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம்.

டைப் அடிக்கிற பெண் தாளை வாங்கிப் பார்த்து, "செவப்புல இருக்குறத அடிக்கவா, ஊதாவுல இருக்குறத அடிக்கவா?" என்று கேட்டாள்.

"செவப்பு" என்றேன்.

மறுநாள் காலை கல்லூரி பஸ் வருகிற நேரத்துக்குத்தான் சுருள் கம்பி போட்டு வாங்க முடிந்தது. ஓடிப் போய் அவள் கையில் கொடுத்தேன். அட்டையில் தன் பெயர் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு ஏறிப் போய்விட்டாள்.

மூன்று நாள் கழித்து, சாயங்காலம் வீட்டுக்குள் வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"மாமா, அந்த டைப்பிங் கடப் பிள்ள என் வாழ்க்கையவே கெடுத்து விட்ருச்சு."

பட்டியலில் 10.2, 31.5, 0.5 என்று எடைகள் இருக்கின்றன. கீழே மொத்தம் 17.3 என்று இருக்கிறது. மேடம் பேனாவை வைத்துக் கூட்டிப் பார்த்திருக்கிறார். பட்டியலில் ஆசிட் எடையை மாற்றாமல் விட்டுவிட்டேனே என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கழிக்கத் தெரிந்தவனுக்கு ஒளிக்கத் தெரியவில்லை.

"குறிப்புல இருக்குற முடிவு வரணும்னு எண்ணை மாத்துனியான்னு கேட்டாக மாமா. எல்லார் முன்னாடியும். பொய்க் கணக்கு எழுதுற பிள்ளைக்கு எப்படி மார்க் போடுறதுங்குறாக. நான் எழுதுனது 42.2. எனக்கு மனப்பாடமாத் தெரியும். நாளைக்கி பத்து மணிக்கு வந்து விளக்கம் சொல்லுன்னுட்டாக. நான் கையால எழுதுன தாள் எங்க? அதக் காட்டுனாப் போதும்."

அந்தத் தாள்கள் என் மேசை இழுப்பறையில் இருந்தன. சிவப்புத் திருத்தங்களோடு.

"கடையிலயே விட்டுட்டேன் போலருக்கு தாயி" என்றேன்.

சொல்லி முடிக்கும்போதே, இதைத் திரும்பப் பெற முடியாது என்று தெரிந்துவிட்டது. அவள் உடனே கிளம்பினாள். நானும் கூடப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை.

கடையில் நான்கைந்து பேர் நின்றார்கள். அவள் நேராகப் போய்க் கேட்டாள். "ஏம்மா, 42.2ன்னு எழுதி இருந்தத 17.3ன்னு அடிச்சிருக்கியே, கண்ணத் தொறந்துட்டுத்தான் அடிச்சியா?"

"இருந்ததத்தான் அடிச்சேன்கா."

"என் கையெழுத்துல 17.3ன்னு ஒரு எண்ணே கெடையாது. கடைசி வரிய முழுசா மாத்திருக்க. யாரோட அசைன்மென்ட்ட என்னுதுல ஒட்டுன?"

"இல்லக்கா, சத்தியமா."

"அப்ப அந்தத் தாள எடு."

"அய்யா எடுத்துட்டுப் போயிட்டாகளே" என்றாள் அந்தப் பெண். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.

அவளுக்குத் தெரியும். சிவப்பா, ஊதாவா என்று கேட்டவள் அவள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். தெருவில் பார்த்துப் பழகிய பெரியவரை நான்கு பேர் முன்னால் காட்டிக்கொடுக்க வேண்டாம் என்று நினைத்திருக்க வேண்டும். என் வாயிலிருந்து வருமென்று காத்திருந்தாள்.

"நல்லாத் தேடிப் பாரும்மா. கட்டுக்குள்ள கெடக்கும்" என்றேன்.

குனிந்து தேட ஆரம்பித்தாள். இல்லாத தாளை, இல்லை என்று தெரிந்தே தேடினாள். கடைக்குச் சொந்தக்காரர் உள்ளேயிருந்து வந்து, "கவனமா வேல பாக்குறதுன்னா பாரு, இல்லைன்னா சொல்லீரு" என்றார். அவள் முகம் என்ன ஆனது என்று பார்க்காமல் நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். மனைவி காபி கொடுத்தாள். எதிரே மருமகள் பேத்திக்குச் சோறு ஊட்டிக்கொண்டு, நடுநடுவே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எழுந்து போய் இழுப்பறையைத் திறந்தேன். தாள்களைக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தேன்.

"நான்தான் மாத்துனேன். கடையில விட்டுட்டேன்னு சொன்னதும் பொய்" என்றேன்.

சிவப்பு எண்களைப் பார்த்தாள். ஓரத்தில் நான் போட்டிருந்த கணக்கைப் பார்த்தாள். பேத்தி வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தாள். மருமகளின் கை அப்படியே நின்றுவிட்டது.

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல மாமா."

"கேட்டிருக்கணும்."

"நான் தப்பா எழுதி, அதனாலயே ஃபெயில் ஆனாலும் ஆயிட்டுப் போறேன். அது என் கணக்கு. என் கணக்குல நீங்க ஏன் கை வைக்குறீக?"

அவள் குரல் உயர்ந்தது அதற்குப் பிறகுதான். "அந்தப் பிள்ளைய நாலு பேருக்கு முன்னாடி என்னென்ன பேசிட்டு வந்துருக்கேன்! நீங்க பக்கத்துல நின்னீகளே! நின்னு பாத்துக்கிட்டே இருந்தீகளே மாமா!"

என் மனைவி அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. மருமகளிடம்தான் சொன்னாள். "நாளைக்கி இவுகளையும் கூட்டிட்டுப் போ. செஞ்ச ஆளு வந்து சொல்லட்டும். நீ எதுக்குத் தனியாப் போயி நிக்கணும்?"

"மொதல்ல டைப்பிங் கடைக்கு" என்றாள் மருமகள். "அதுக்கப்புறந்தான் காலேசு."

காலையில் டைப்பிங் கடை திறக்கும்போதே போய்விட்டோம். சொந்தக்காரர் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார். அவர் காதில் விழும்படியே சொன்னேன். தாள் என்னிடம்தான் இருந்தது, திருத்தியது நான், அந்தப் பெண் சரியாகத்தான் அடித்தாள், நேற்று வாயை மூடிக்கொண்டு நின்றது என் தப்பு. மருமகளும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டாள்.

அந்தப் பெண் கணினியைப் போட்டுவிட்டு, திரையைப் பார்த்தபடி, "நேத்து ராத்திரி பூரா நான்தான் மாத்தி அடிச்சிட்டேனோன்னு எனக்கே சந்தேகம் வந்திருச்சுய்யா" என்றாள். திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

கல்லூரியில் வேதியியல் துறை மாடியில். மேடத்துக்கு என் மகன் வயதுதான் இருக்கும். மருமகள் பேசுவதற்கு முன் நான் தாள்களை மேசையில் வைத்து, நடந்ததைச் சொன்னேன். டைப்பிங் கடையில் முந்தின நாள் வாயை மூடிக்கொண்டு நின்றதையும் விடவில்லை. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு சிவப்புக் கணக்கை எடுத்துப் பார்த்தார்.

"சார் கெமிஸ்ட்ரியா?"

"பி.எஸ்ஸி. மேடம். சாயக்கடை."

"இந்த இருபத்தஞ்சு கிராமை எதுக்குக் கழிச்சீங்க?"

காலி டிரம் கதையைச் சொன்னேன். எனக்கே அது அங்கே வைத்துச் சொல்லும்போது வேறு மாதிரிக் கேட்டது. அவர் உதட்டில் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார்.

"காலி டிரம் உங்க கடைக்குத் திரும்பி வரும். சரி. இந்த ஆசிட் எங்க திரும்பி வந்துச்சு?"

அவரே மருமகளிடம் திரும்பினார். "நீ சொல்லும்மா. காய்ச்சி முடிச்சதும் என்ன பண்ணின?"

"சூடா இருக்கும்போதே நூறு மில்லி தண்ணில ஊத்தினேன் மேடம். அசிட்டனிலைடு படிகமா வந்துச்சு, வடிகட்டினேன். ஆசிட் முழுக்க அந்தத் தண்ணியோட போயிருச்சு."

"எங்க போச்சு?"

"சிங்க்ல."

செய்முறைக் குறிப்பில் அந்த வரி இருந்தது. நூறு மில்லி தண்ணீரில் ஊற்றவும் என்று. டைப்பிங் கடையில் அதையும் படித்துத்தான் இருந்தேன். படித்தும் அந்த ஆசிட் குடுவையில் அப்படியே நிற்கிறது என்றே எனக்குள் ஒரு படம் இருந்தது. தண்ணீரில் கலந்து சாக்கடைக்குப் போனது கழிவுதான். அவள் கூட்டியது சரி.

"திரும்ப எடுத்துப் பயன்படுத்தினா கழிக்கலாம் சார், அதுல தப்பில்ல" என்றார் மேடம் என்னிடம். "எடுக்காமலே எடுத்ததாக் கழிக்கக்கூடாது." பிறகு சுண்ணாம்புக்கட்டியை எடுத்து மருமகளிடம் நீட்டினார். "தாளப் பாக்காம இப்பவே விளக்கு. பாப்போம்."

போர்டில் எழுத ஆரம்பித்தாள். முதலில் குரல் நடுங்கியது. 135ஐ 195ஆல் வகுத்து 69 போட்டாள். 153ஆல் வகுத்து 88 போட்டாள். ஈ-ஃபேக்டருக்கு வரும்போது குரல் நேராகிவிட்டது. 0.93, 3.22. "சமன்பாடு நல்லா இருந்தாலும் செய்யுற முறையில கழிவு சேரலாம் மேடம். ரெண்டும் ரெண்டு கேள்வி. ஒண்ணுக்குச் சொன்ன பதில இன்னொண்ணுக்குச் சொல்லக் கூடாது."

"அப்ப ரெண்டாவது வழி வேணாம்ங்கிறியா?"

அவள் யோசித்தாள். என் சிவப்புத் தாளை ஒரு முறை பார்த்தாள். பிறகு போர்டின் ஓரத்தில் புதிதாக ஒரு கணக்குப் போட்டாள். இரண்டாவது வழி 0.93க்குக் கீழே வர வேண்டும் என்றால் பத்து கிராம் பொருளுக்குக் கழிவு 9.3 கிராமுக்கு மேல் போகக்கூடாது. அதனால் 42.2ல் 19.3 போக, ஏறக்குறைய 23 கிராமைத் திரும்ப எடுத்தாக வேண்டும். கூடுதலாக இருக்கும் ஆசிட் சுமார் இருபத்தைந்து.

"இருபத்தஞ்சுல இருபத்து மூணு கிராம எடுக்க முடிஞ்சா மாமா சொன்னது உண்மையாகும் மேடம். தண்ணில ஊத்திட்டா நடக்காது. ஊத்துறதுக்கு முன்னாடி வடிச்சு எடுக்கலாமான்னு பாக்கணும். அல்லது ஆசிட்டக் குறைச்சுப் போட்டா விளைச்சல் எவ்வளவு விழுதுன்னு பாக்கணும். எண்ணப் பாத்தா ஆசிட்டக் குறைக்கிறதுதான் மேல்னு தோணுது."

மேடம் சுவரில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஆய்வுக்கூடப் பதிவேட்டை எடுத்து, 10.2, 31.5, 10 என்று அவர் கையெழுத்திட்ட பக்கத்தைச் சரிபார்த்தார்.

"எண் மாத்தலைங்கறது தெரிஞ்சுபோச்சு" என்றார். "அந்தக் குறிப்புல பசுமை முறைன்னு தலைப்புப் போட்டவளே நான்தான். இத்தனை பேருல யாரும் ஈ-ஃபேக்டர் போட்டு அதத் திருப்பிக் கேட்டதில்ல. உன் தாள்ல 0.73ன்னு பாத்ததும், என்னைச் சந்தோசப்படுத்தத்தான் மாத்திட்டேன்னு நெனச்சேன். எல்லார் முன்னாடியும் கேட்டதுக்கு, அடுத்த கிளாஸ்ல எல்லார் முன்னாடியும் சொல்லிர்றேன்."

"மார்க்கு மேடம்?" கேட்டது நான்தான். அவளுக்குக் கேட்க வாய் வரவில்லை.

"விட்டுப்போன டெஸ்ட்டுக்குப் பதிலா இத எடுத்துக்கிறேன். தேர்ச்சிக்கு மேலயே வரும். சரியான எண்ணோட திரும்ப அடிச்சு வெள்ளிக்கிழமைக்குள்ள குடுக்கணும். போர்டுல கடைசியா போட்டியே, அதையும் சேத்து எழுது." பிறகு என்னைப் பார்த்து, "டைப்பிங் கடைக்கு இந்தத் தடவை யாரு போறது?" என்றார்.

"நானே போறேன் மேடம்" என்றாள் மருமகள் அவசரமாக. மேடம் வாய்விட்டுச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது.

அவளுக்கு அடுத்த வகுப்பு இருந்தது. படிக்கட்டு வரை வந்தாள்.

"கோவம் போயிருச்சான்னு கேக்காதீக மாமா. இன்னும் இருக்கு" என்றாள். "ஆனா அந்த இருபத்து மூணு கிராம் கணக்கு, நீங்க கழிச்சிருக்காட்டி எனக்குத் தோணியிருக்காது. அதுக்காக இன்னொரு தடவ கழிச்சிராதீக."

சொல்லிவிட்டு ஓடினாள். படியில் அவள் செருப்புச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. சொல்லாதது எனக்கு நல்லதாகவே பட்டது. அவசரத்தில் கிடைக்கிற மன்னிப்பு நிற்காது. டைப்பிங் கடைப் பெண்ணிடம் நான் பட்ட கடன் வேறு. இப்போதும் தெருவில் அவளைப் பார்த்தால் முதலில் தலை குனிவது நான்தான்.

கேட்டைத் தாண்டி வெளியே வந்ததும் பசித்தது. காலையிலிருந்து காபி தவிர எதுவும் இறங்கவில்லை. எதிரே இருந்த கடையில் உட்கார்ந்து இரண்டு தோசை சொன்னேன். நல்ல வெயில். பஸ் ஒன்று மதுரை மதுரை என்று கூவிக்கொண்டு புழுதியைக் கிளப்பிவிட்டுப் போனது. தோசை வருவதற்குள் வீட்டிலிருந்து போன்.

"என்னாச்சு?" என்றாள் மனைவி.

"ஏத்துக்கிட்டாக. மார்க்கு வந்துரும். பேப்பரு நிக்காது."

அவள் முந்தானையால் மூக்கைத் துடைப்பது கேட்டது.

"நீங்க எல்லாத்தையும் சொல்லிட்டீகளா? ஒண்ணையும் கழிக்காம?"

"ஒண்ணையும் கழிக்கல" என்றேன்.

"சரி, சாப்பிட்டுட்டு வாங்க. மகன்கிட்ட நீங்களே போன் போட்டுச் சொல்லுங்க. அவ முடிச்சிருவான்னு."

தோசை வந்தது. மூன்றாவதும் ஒன்று சொன்னேன்.